பழைய சிம்மில் சிக்னல் இருக்கிறதா?

டிக்கோயாப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் கொமினிகேஷன் கடைக்கு மாதம் இரண்டு தடவையாவது வருவார். ரீலோட் போட்டுக்கொண்டு, கையோடு ஒரு இந்திய நம்பருக்கு என்னையே அழைத்துத் தரச் சொல்வார். 0091 என்று தொடங்கும் அந்த இலக்கம் ஒரு பழைய செக்ரோல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது மணி போகவில்லை. நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

"தம்பி, மருமகன் நம்பர் செத்துப்போச்சாப்பா?"

மருமகன் என்பது அவருடைய அண்ணன் மகன். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன குடும்பங்களில் அந்த அண்ணன் குடும்பமும் ஒன்று. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் குடியேறினார்கள். இங்கே விட்டுப்போன லயம் போலவே அங்கேயும் ஒரு லயம், மலையும் மழையும்கூட அதே மாதிரி. ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் இப்படி அக்கரையில் சொந்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

மருமகனின் நம்பர் சாகவில்லை. அவர் நம்பரை மாற்றாமல் கம்பனியை மாற்றியிருந்தார். அங்கே அதைப் 'போர்ட் போடுவது' என்பார்கள். வாட்ஸ்அப்பில் பிடித்தபோது, "அண்ணே, திங்கக்கிழமை போட்டேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் பெண்டிங்னே காட்டுச்சு. இப்ப புது சிம் வேலை செய்யுது, ஆனா பாதி பேருக்கு என்னையப் பிடிக்க முடியல. கேன்சல் பண்ணிரலாமான்னு பாக்குறேன்" என்றார். கேன்சல் பண்ண வேண்டாம் என்று முதலில் சொன்னேன். அந்தக் கட்டத்தை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். அவருக்கு இருந்தது ஒரு கோளாறு அல்ல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு. வெள்ளிக்கிழமை வரை இருந்தது உண்மையில் கோளாறே இல்லை. சனிக்கிழமைக்குப் பிறகு இருந்ததுதான் முறைப்பாடு செய்ய வேண்டியது. அவரோ முதலாவதற்காக மூன்று தடவை கடைக்கு நடந்துவிட்டு, இரண்டாவதற்கு வாய் திறக்காமல் இருந்தார்.

போர்ட் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். மாற விரும்புகிறவர் மாற வேண்டிய நம்பரிலிருந்தே 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார்.

```
PORT 9XXXXXXXXX
```

(நம் நாட்டில் 1900 என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இலக்கம். அங்கே அது வேறு. சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு இங்கிருந்து 1900 அடித்துப் பயன் இல்லை.) பதிலாக எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வரும். அதைத்தான் அங்கே யூ.பி.சி. என்கிறார்கள். அதையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பனியின் கடைக்குப் போனால் புது சிம் தருவார்கள். விண்ணப்பம் அங்கிருந்து, பழைய கம்பனிக்கும் புதுக் கம்பனிக்கும் நடுவில் நிற்கும் ஒரு தீர்வகத்துக்குப் போகும். இந்தியா முழுவதற்கும் அப்படி இரண்டு தீர்வகங்கள் உண்டு, நாட்டை இரண்டு வலயமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். தீர்வகம் ஒரு நேரம் குறிக்கும். அந்த நேரத்தில் பழைய கம்பனி நம்பரைத் துண்டிக்கும், புதுக் கம்பனி ஏற்கும். இது பெரும்பாலும் இரவில் நடக்கும், சில மணி நேரம் இரண்டு சிம்மும் பேசாது.

பெண்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "பழைய கம்பனிக்காரன் விடமாட்டேங்கிறான்." ஒரு காலத்தில் இது ஓரளவு உண்மை. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் இந்த வசதி வந்தபோது குறியீட்டைக் கொடுத்ததே பழைய கம்பனிதான். குறியீடு கையில் கிடைத்தாலும், பிறகு விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது காரணம் சொல்லித் திருப்பலாம். 2019 டிசம்பர் 16 முதல் விதி மாறியது. இப்போது குறியீட்டை உண்டாக்குவது தீர்வகம். நீங்கள் 1900க்கு அனுப்பிய உடனேயே அது பழைய கம்பனியின் கணினியைக் கேட்கிறது: பில் பாக்கி இருக்கிறதா, இந்தக் கம்பனியில் 90 நாள் ஆகிவிட்டதா, நம்பரின் பெயர் மாற்றம் ஏதும் நடந்துகொண்டிருக்கிறதா, நீதிமன்றத் தடை உண்டா. எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தால்தான் குறியீடு பிறக்கும். 2024 ஜூலை 1 முதல் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: கடந்த ஏழு நாளுக்குள் சிம்மை மாற்றினார்களா? மாற்றியிருந்தால் குறியீடு கிடைக்காது.

ஆகவே எட்டு எழுத்து உங்கள் கைக்கு வந்துவிட்டதென்றால் பழைய கம்பனி அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஏற்கெனவே சரியான பதிலைக் கொடுத்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு பெண்டிங் என்று காட்டினால் பழைய கடையில் போய்ச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. நான் பார்த்தவரை அப்படிக் கிடக்கும் விண்ணப்பங்கள் புதுக் கம்பனியின் பக்கத்தில்தான் கிடக்கின்றன. படம் தெளிவில்லை, விலாசம் பொருந்தவில்லை, கடைக்காரர் மாலையில் சேர்த்து அனுப்பலாம் என்று வைத்துவிட்டார், இப்படித்தான் காரணங்கள் இருக்கும். நானும் கடைக்காரன், அதனால் சொல்கிறேன்: 'சிஸ்டத்துல போட்டாச்சு' என்று நாங்கள் சொல்வதற்கும் உண்மையில் போட்டதற்கும் நடுவில் சில நேரம் ஒரு பிளேன்டீ குடிக்கும் இடைவெளி இருக்கும், சில நேரம் ஒரு நாள் இருக்கும்.

எங்கே கிடக்கிறது என்று அறிய ஒரு வழி உண்டு. விண்ணப்பம் கடையைத் தாண்டிப் போயிருந்தால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு மாறும் என்று ஒரு குறுஞ்செய்தி வருவது வழக்கம். அது பழைய சிம்முக்கு வரும், ஏனென்றால் நம்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. புது சிம்மை போனில் போட்டு, பழையதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, ஒரு தகவலும் வரவில்லையே என்று காத்திருப்பவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கடையில் கொடுத்து ஒரு முழு நாள் ஆகியும் பழைய சிம்மில் எதுவும் வரவில்லையென்றால் கடைக்குப் போங்கள், விண்ணப்பம் உண்மையில் அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் குறியீட்டுக்கு ஆயுள் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் நான்கு நாள்தான். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு ஆகிய இடங்களில் மட்டும் முப்பது நாள் தருகிறார்கள். கடையிலேயே நான்கு நாள் தூங்கிவிட்டால் குறியீடு செத்துவிடும், மறுபடியும் 1900இலிருந்து தொடங்க வேண்டும்.

மருமகனுக்கு அந்தக் குறுஞ்செய்தி செவ்வாய்க்கிழமையே வந்திருந்தது. தேதியும் அதில் இருந்தது. அவர் அதை நம்பவில்லை, ஏனென்றால் பந்தலூர்க் கடைக்காரர் மூன்று நாளில் மாறும் என்று சொல்லியிருந்தார், செய்தியோ வெள்ளி இரவு என்றது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. அங்கே கைபேசிச் சேவையைப் பெரும்பாலும் மாநில வாரியாக வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே சேவை வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாள், ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கு மாற ஐந்து வேலை நாள் என்பதுதான் விதி. பந்தலூர் தமிழ்நாட்டின் ஓரத்தில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளினால் கேரளத்தின் வயநாடு. அங்குள்ள பலரைப் போல மருமகனும் வருடங்களுக்கு முன்பு சுல்தான் பத்தேரிக்கு வேலைக்குப் போன காலத்தில் சிம் எடுத்தவர். நம்பர் கேரள வட்டத்து நம்பர், புதுக் கம்பனியில் சேர்ந்தது தமிழ்நாட்டு வட்டத்தில். அந்த எட்டு எழுத்துக் குறியீட்டின் முதல் இரண்டு எழுத்துகளே எந்தக் கம்பனி, எந்த வட்டம் என்று காட்டுகின்றன. கவனித்துப் பார்த்திருந்தால் கடைக்காரருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அதனால் வியாழக்கிழமை பெண்டிங் என்று காட்டியதில் ஒரு பிழையும் இல்லை. குறித்த நேரம் வரவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் வழி உண்டு, ஆனால் கடையில் விண்ணப்பம் கொடுத்து 24 மணி நேரத்துக்குள் 1900க்கு இதை அனுப்ப வேண்டும்.

```
CANCEL 9XXXXXXXXX
```

24 மணி நேரம் கடந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர் கேன்சல் பற்றி யோசித்ததில் அர்த்தமில்லை என்று நான் சொன்னது இதனால்தான். திரும்பப் பழைய கம்பனிக்கே போக வேண்டுமென்றாலும் புதிய இடத்தில் 90 நாள் இருந்துவிட்டுத்தான் மறுபடி போர்ட் போட முடியும்.

இனி இரண்டாவது கட்டம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய அறிவு தேவையில்லை. பழைய சிம்மில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் விஷயம் இன்னும் கடுதாசியில் இருக்கிறது. விண்ணப்பம், சரிபார்ப்பு, தேதி என்று நாள் கணக்கில்தான் நகரும், குறித்த நேரம் தாண்டும் வரை பொறுக்கலாம். சிக்னல் போய்விட்டால் விஷயம் கம்பிக்கு வந்துவிட்டது. இனி நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. இரவு துண்டித்த நம்பர் மறுநாள் பகலிலும் இரண்டு சிம்மிலும் பேசாமல் கிடந்தால் உடனே புதுக் கம்பனியில் முறைப்பாடு செய்ய வேண்டும். போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்பது, சிம்மை வேறொரு போனில் போட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான் அதற்கு முன் செய்ய வேண்டியது.

மருமகன் விஷயத்தில் புது சிம் சனிக்கிழமை காலையே வேலை செய்தது. அவர் யாரையும் அழைக்க முடிந்தது, இன்டர்நெட்டும் வந்தது. புதுக் கம்பனியின் நம்பர்களிலிருந்து அவரை அழைக்கவும் முடிந்தது. டிக்கோயாவிலிருந்து அத்தைக்கு மட்டும் முடியவில்லை. பாங்கின் ஓ.டி.பி.யும் வரவில்லை. இது ஏன் என்று புரிய, நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். இங்கே 077 என்றால் ஒரு கம்பனி, 071 என்றால் இன்னொன்று, 078 என்றால் வேறொன்று என்றே நாம் பழகியிருக்கிறோம். நம்பரின் தலையைப் பார்த்தே கம்பனியைச் சொல்வோம். போர்ட் ஆன நம்பருக்கு அப்படிச் சொல்ல முடியாது. தலை பழைய கம்பனியுடையது, ஆள் இருப்பது புது இடத்தில். அதனால் அழைப்பைக் கொண்டுபோகிற ஒவ்வொரு கம்பனியும் முதலில் ஒரு பதிவேட்டைப் பார்த்து, இந்த நம்பர் இப்போது யார் வீட்டில் என்று தெரிந்துகொண்டுதான் அழைப்பை அனுப்ப வேண்டும். மூலப் பதிவேடு தீர்வகத்தில் இருக்கிறது. கம்பனிகள் எல்லாம் அதன் பிரதியை வைத்துக்கொண்டு, மாற்றம் வரும்போதெல்லாம் திருத்திக்கொள்கின்றன.

யாராவது ஒருவருடைய பிரதி திருத்தப்படவில்லையென்றால் அவர் வழியாக வரும் அழைப்பு மட்டும் பழைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும். அங்கே ஆள் இல்லை. அதனால்தான் 'பாவனையில் இல்லை' என்ற குரல். இலங்கையிலிருந்து போகும் அழைப்பு இந்தியாவுக்குள் நேரே அந்தக் கைபேசிக்குப் போவதில்லை. நம் கம்பனி அதை ஒரு சர்வதேச வழங்குநரிடம் ஒப்படைக்கும், சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட கை மாறும், இந்திய நுழைவாயிலில் பதிவேடு பார்க்கப்படும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பழைய பிரதியோடு இருந்தாலே போதும். பாங்கின் குறுஞ்செய்தியும் அப்படித்தான். பாங்கு அதை நேரே அனுப்புவதில்லை, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் இடைநிறுவனங்களிடம் கொடுக்கிறது. அவர்கள் தங்கள் பட்டியலைச் சுறுசுறுப்பாகத் திருத்தாவிட்டால் ஓ.டி.பி. காற்றில் போகும்.

இந்த மாதிரிப் பாதி வேலை செய்யும் நிலையில் முறைப்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் தோற்பது சொல்லும் விதத்தால்தான். "எனக்குக் கோல் வருதில்ல" என்றால் உதவி மையத்தில் இருப்பவர் தன் நம்பரிலிருந்து ஒரு தடவை அழைத்துப் பார்ப்பார். அவர் அதே கம்பனிக்காரர், மணி அடிக்கும். "சேர், உங்க நம்பர் நல்லா இருக்கே" என்று கோப்பை மூடிவிடுவார். அதனால் மருமகனிடம் முதலில் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். பழைய கம்பனியின் நம்பரிலிருந்து ஒரு அழைப்பு, மூன்றாவது ஒரு கம்பனியிலிருந்து ஒன்று, இங்கிருந்து நான் ஒன்று. மூன்றுக்கும் நேரம் எழுதி வைத்தோம். பழைய கம்பனியிலிருந்து மணி அடித்தது. மூன்றாவது கம்பனியிலிருந்தும் அடித்தது. இங்கிருந்து நான் இரண்டு வெவ்வேறு சிம்மில் அழைத்தேன். ஒன்றில் போனது, மற்றதில் போகவில்லை. இதோடு கோளாறு எங்கே என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. நாட்டுக்குள் பதிவேடு சரி, வெளிநாட்டு அழைப்பு வரும் வழிகளில் ஒன்று மட்டும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொன்னோம். மருமகன் தன் புதுக் கம்பனியின் முறைப்பாட்டு இலக்கமான 198ஐ அழைத்து, போர்ட் ஆன தேதி, அழைத்த நம்பர், நேரம், வந்த அறிவிப்பு எல்லாவற்றையும் சொல்லி டொக்கெட் நம்பர் வாங்கினார். அந்த நம்பர் இல்லாமல் போனை வைத்தால் முறைப்பாடே செய்யாத மாதிரிதான். இங்கே நான் அந்த அம்மாவின் சிம் கம்பனிக்கு அதே விவரத்தைக் கொடுத்தேன். அவர்கள்தான் தங்கள் சர்வதேச வழங்குநரிடம் கேட்க முடியும், இந்தியக் கம்பனியால் இலங்கை வழியைத் திருத்த முடியாது. என் பக்கத்தில் எடுத்த பெண் முதலில் "இந்தியா நம்பர்னா இந்தியாவுலதான் கேக்கணும்" என்றார். வேறு சிம்மில் போகிறது, உங்கள் சிம்மில்தான் போகவில்லை என்று இரண்டு நேரத்தையும் சொன்ன பிறகுதான் எழுதிக்கொண்டார்.

சில நாள் பொறுத்தும் புதுக் கம்பனி அசையாவிட்டால் அடுத்த படி அதே கம்பனிக்குள் இருக்கும் மேன்முறையீட்டு அதிகாரி. டொக்கெட் நம்பரோடு முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், காசு இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பலர் நேரே ட்ராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ட்ராய் விதி போடும் அமைப்பு, தனி ஆளின் முறைப்பாட்டை அது தீர்ப்பதில்லை. மேன்முறையீட்டுக்குப் பிறகும் தீராவிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மத்திய அரசின் pgportal.gov.in வழியாகப் போடலாம்.

இடைப்பட்ட நாட்களில் கையை அடக்கிக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. வாட்ஸ்அப், பாங்கு ஆப் எதையும் அழித்து மறுபடி போடக் கூடாது. ஏற்கெனவே பதிந்த வாட்ஸ்அப்புக்கு நம்பர் எந்தக் கம்பனியில் இருக்கிறது என்பது தேவையில்லை, இன்டர்நெட் இருந்தால் ஓடும். அழித்துவிட்டால் மறுபடி பதிய ஒரு குறுஞ்செய்தி வர வேண்டும், அந்தக் குறுஞ்செய்திதான் வராமல் கிடக்கிறதே. மருமகன் அதைத் தொடாமல் வைத்திருந்ததால்தான் எங்களால் அவரைப் பிடிக்கவே முடிந்தது.

இதுவரை சொன்ன பொறுமையெல்லாம் நீங்களே கேட்டுப் போட்ட போர்ட்டுக்கு. கேட்காமலே அந்த எட்டு எழுத்துக் குறியீடு உங்கள் போனுக்கு வந்தால், அல்லது கம்பனிக்காரன் என்று சொல்லி எவராவது அதை வாசிக்கச் சொன்னால், காத்திருக்கும் பேச்சே கிடையாது. அந்தக் குறியீடு உங்கள் நம்பரின் சாவி. அதை வைத்து வேறொருவர் நம்பரைத் தன் சிம்முக்கு இழுத்துக்கொண்டால் பாங்கின் ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போகும். போர்ட் போடாமலே திடீரென்று சிம்மில் சிக்னல் போய், பக்கத்து ஆளின் அதே கம்பனி சிம்மில் சிக்னல் இருந்தால், வேறொரு போனிலிருந்து முதலில் பாங்கை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். கம்பனியை அழைப்பது அதற்குப் பிறகு.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, ஈரச் சாக்குத் துணியோடு நேரே கடைக்கு வந்தார். அதே சிம், அதே 0091. இந்த முறை மணி போனது.

"என்னாப்பா, புது நம்பரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லம்மா, பழசுதான். வீடுதான் மாறியிருக்கு."

அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அங்கே மருமகன் எடுத்துவிட்டார். பாங்கின் குறுஞ்செய்தி மட்டும் மறுநாள் வரை வரவில்லை. அதற்கு அவர் பாங்கிலேயே தனியாக ஒரு முறைப்பாடு போட வேண்டியிருந்தது.